வெள்ளிக்காசு அறியாத நஞ்சு

நுழையும்முன்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் புற்றோரத்திலும் வைக்கோற்போர் அடியிலும் காளான் தேடிச் செல்வது ஊர்ப்புறங்களில் இன்றும் காணப்படும் வழக்கமாகும். பறித்தது உண்ணத்தக்கதா, நஞ்சுடையதா என்று அறியச் சில சோதனைகளும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அச்சோதனைகள் உண்மையில் எதைச் சோதிக்கின்றன என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

2011-ஆம் ஆண்டின் இறுதி இரவு. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில், சீனாவிலிருந்து வந்து பணியாற்றிய சமையல் கலைஞர் ஒருவர் தம்முடன் வேலை செய்தோருக்குப் புத்தாண்டு விருந்து சமைத்தார். அவ்விருந்தில் இயற்கையாக முளைத்த காளான்களும் சேர்ந்திருந்தன. உண்ணும்போது யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால், அடுத்த சில நாள்களுக்குள் சமைத்தவரும் அவருடன் உண்ட ஒருவரும் கல்லீரல் செயலிழந்து இறந்தனர்.

இறந்தவர் உணவைப் பற்றி அறியாதவர் அல்லர். சமையலையே தொழிலாகக் கொண்டவர். காளானை அன்றாடம் கையாளும் நாட்டில் பிறந்தவர். பின் ஏன் இத்தவறு நேர்ந்தது? அவர் அறிந்திருந்த ஒரு நல்ல காளானும் கான்பெராவின் ஓக் மரத்தடியில் முளைத்த ஒரு கொடிய காளானும் தோற்றத்தில் உடன்பிறப்புகளைப் போல இருந்தன. நல்லது வைக்கோல் காளான். கொடியது ‘அமானிட்டா ஃபாலாய்ட்ஸ்’. ‘மரணத் தொப்பி’ என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் அதனை அழைக்கின்றனர்.

ஒரு முட்டைக்குள் இரு காளான்கள்

வைக்கோல் காளான் தமிழகத்திற்குப் புதிதன்று. 1940-களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் வேளாண் ஆய்வாளர்கள் இதனை வளர்த்துக் காட்டினர். மட்கிய நெல்வைக்கோலில் இது செழித்து வளரும். முளைக்கும்போது சிறு முட்டை போலத் தோன்றும். முட்டையின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு தண்டும் குடையும் வெளிவரும். கிழிந்த உறை தண்டின் அடியில் ஒரு கிண்ணம்போல எஞ்சியிருக்கும்.

மரணத் தொப்பியும் இவ்வாறே முட்டையாகத் தோன்றுகிறது. இவ்வாறே உறையைக் கிழிக்கிறது. இதன் தண்டடியிலும் கிண்ணம் இருக்கிறது. விரிந்தபின் குடை இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கிய நிறத்தில் இருக்கும். சிலவற்றில் அது வெண்மையாகவே இருப்பதும் உண்டு. ஐரோப்பாவிற்கு உரிய இப்பூஞ்சை மர வேர்களோடு கூட்டாக வாழ்வது. மரக்கன்றுகளைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுசென்றபோது, வேரில் ஒட்டியிருந்த பூஞ்சையும் உடன் சென்றது. ஆஸ்திரேலியாவில் அழகுக்காக நடப்பட்ட ஐரோப்பிய ஓக் மரங்களின் நிழலில் அது நிலைகொண்டது அவ்வாறுதான்.

இரண்டிற்கும் வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. மரணத் தொப்பியின் தண்டில் மெல்லிய பாவாடை போன்ற வளையம் ஒன்று தொங்கும். வைக்கோல் காளானில் அது இராது. வைக்கோல் காளானின் அடிக்கிண்ணம் பழுப்போ சாம்பலோ கலந்திருக்கும். மரணத் தொப்பியினது வெண்மையானது. வைக்கோல் காளான் மட்கும் தாவரப் பொருளில் முளைக்கும். மற்றது மரவேரை விட்டு அகலாது. எனினும் வளையம் மழையில் கரைந்தும் கைபட்டு உதிர்ந்தும் போகலாம். தண்டோடு தோண்டாமல் மேலாகக் கிள்ளி எடுத்தால் அடிக்கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். உறை கிழியாத முட்டைப் பருவத்தில் பறித்தாலோ, வளையமும் செவுளும் கண்ணுக்குத் தெரியவே தெரியா. வைக்கோல் காளானை முட்டைப் பருவத்தில் உண்பதையே பலர் விரும்புகின்றனர் என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

உறுதியான வேறுபாடு ஒன்று உண்டு. குடையின் அடியில் மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருப்பவை செவுள்கள். ஸ்போர் எனப்படும் வித்துத்துகள்கள் அவற்றிலிருந்தே உதிர்கின்றன. விரிந்த குடையைத் தண்டிலிருந்து அறுத்து, செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு ஒரு தாளின்மீது வைத்து, கிண்ணம் ஒன்றால் மூடி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். தாளின் ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வெண்மையாகவும் இருப்பது நல்லது; இல்லையெனில் வெண்துகள் வெண்தாளில் மறைந்துவிடும். காலையில் குடையை எடுத்தால் செவுள்களின் வரியமைப்பு துகளால் வரைந்த கோலமாகத் தாளில் படிந்திருக்கும். வைக்கோல் காளானின் கோலம் இளஞ்சிவப்பு; மரணத் தொப்பியினது வெண்மை. இது நஞ்சை அறியும் சோதனை அன்று என்பதை மறத்தல் ஆகாது. வெண்துகள் உதிர்க்கும் நல்ல காளான்களும் உள. வேறு நிறத் துகள் உதிர்க்கும் கொடியவையும் உள. இனம் இன்னது என்று காணப் பயன்படும் பல அடையாளங்களுள் இதுவும் ஒன்று, அவ்வளவே.

வெள்ளி கறுப்பதேன்?

காளான் வேகும் பாத்திரத்தில் வெள்ளிக்காசையோ வெள்ளிக் கரண்டியையோ போட வேண்டும்; அது கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்பது உலகின் பல நாடுகளில் வழங்கும் நம்பிக்கை. வெள்ளி கறுப்பது பொய்யன்று. கந்தகச் சேர்மங்கள் அதனைத் தொடும்போது வெள்ளி சல்ஃபைடு என்னும் கரும்படலம் உண்டாகிறது. அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் உண்டாலும் கரண்டி கறுக்கும்; முட்டை நஞ்சாகிவிடுவதில்லை. ஆகவே இச்சோதனை கந்தகத்தைக் காட்டுகிறது, நஞ்சைக் காட்டவில்லை.

மரணத் தொப்பியின் முதன்மை நஞ்சு ‘அமானிட்டின்’. எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு மூலக்கூறு அது. அதிலும் ஒரு கந்தக அணு இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அது வளையத்தின் நடுவே பாலம்போல உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளது. வெந்நீரில் பிரிந்து வந்து வெள்ளியைத் தொடுவதில்லை. எனவே கொடிய நஞ்சு வேகும் குழம்பில் வெள்ளிக்காசு பளபளப்புக் குன்றாமல் கிடக்கும். நம்பிக்கையின்படி பார்த்தால், அப்பளபளப்பே உண்ணலாம் என்பதற்கு உத்தரவு ஆகிவிடுகிறது.

பூண்டையோ வெங்காயத்தையோ உடன் வேகவைத்து நிறமாற்றம் பார்ப்பதும் இத்தகையதே. பூண்டு நீலமாவதும் பழுப்பாவதும் அதனுள் இருக்கும் சேர்மங்களும் நொதிகளும் அமிலத்தோடும் வெப்பத்தோடும் வினைபுரிவதைப் பொறுத்தவை. பக்கத்தில் வேகும் காளானின் குணத்தைப் பொறுத்தவை அல்ல. நஞ்சுடைய காளானின் தோல் உரியாது என்பர். மரணத் தொப்பியின் தோல் எளிதில் உரியும். அழகிய நிறமுடையதே ஆபத்து என்பர். கொடியவற்றுள் தலையாயது மங்கிய நிறமுடையது. கசப்பு காட்டிக் கொடுக்கும் என்பர். உண்டு பிழைத்தவர்கள் பலர் அது சுவையாக இருந்ததாகவே கூறியுள்ளனர்.

நத்தையும் நாயும்

பூச்சியோ நத்தையோ கடித்த தடம் இருந்தால் மனிதனும் உண்ணலாம் என்னும் கருத்து, மேற்கூறியவற்றைக் காட்டிலும் அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. உயிருள்ள ஒன்று உண்டு உயிரோடு இருப்பது சான்றுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் நஞ்சு என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. பொருளுக்கும் அதனை உண்ணும் உடலுக்கும் இடையே நிகழ்வது. நத்தைகள் மரணத் தொப்பியை மேய்கின்றன. பழ ஈயின் உறவினங்கள் சில, அமானிட்டின் நிறைந்த காளான்களிலேயே முட்டையிட்டுப் புழுக்களை வளர்க்கின்றன. முயலின் உடலும் வாய்வழிச் செல்லும் இந்நஞ்சைப் பெருமளவு தாங்கவல்லது. இவற்றின் பற்குறி மனிதனுக்கு எந்த உறுதியையும் அளிப்பதில்லை.

நாய்க்குப் போட்டுப் பார்க்கலாம் என்பாரும் உளர். நாயைப் பொறுத்தவரை இந்நஞ்சு மனிதனுக்குப் போலவே கொடியது. ஆயினும் இச்சோதனையும் தோற்கும். அதற்குக் காரணம் காலம். அதனைப் புரிந்துகொள்ள, நஞ்சு உடலுள் செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும்.

நஞ்சு காத்திருக்கும் நேரம்

உடலின் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய புரதங்களை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்னும் குறிப்பு டி.என்.ஏ.வில் உள்ளது. அக்குறிப்பைப் படியெடுத்துக் கொடுக்கும் நொதி ‘ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் II’. அமானிட்டின் இந்நொதியில் சென்று ஒட்டிக்கொண்டு படியெடுப்பை முடக்குகிறது. செல் அப்போதே இறப்பதில்லை. முன்பே எடுத்து வைத்த படிகளையும் முன்பே செய்த புரதங்களையும் கொண்டு சிலமணி நேரம் இயங்குகிறது. கையிருப்புத் தீரும்போதுதான் சரிவு தொடங்குகிறது. வேலை மிகுந்த குடற்செல்களும் கல்லீரல் செல்களும் முதலில் வீழ்கின்றன.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் இக்காளானை உண்டார் எனக் கொள்வோம். ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் அவர் நலமாகவே இருப்பார். நன்கு உறங்கவும் செய்வார். உண்ட ஆறு மணி நேரத்திற்கும் இருபத்து நான்கு மணி நேரத்திற்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வேளையில், பெரும்பாலும் மறுநாள் விடியலிலோ முற்பகலிலோ, கடும் வயிற்றுவலியும் வாந்தியும் நீராய்ப் பெருகும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் காலை உணவு முடிந்திருக்கலாம். அதனால் பழி காலை உணவின்மீது விழும். முன்னிரவு உண்ட காளானை யாரும் நினைப்பதில்லை. நாய்க்கு இட்டு அரைமணி நேரம் பார்ப்பதும், ஒருவர் மட்டும் சிறிது சுவைத்துவிட்டு மற்றவர் காத்திருப்பதும் ஏன் பயன்படா என்பது இப்போது விளங்கும். சோதனை முடிந்து, அனைவரும் உண்டு, பாத்திரமும் கழுவி வைத்தபின்னரே நஞ்சு தன்னை வெளிப்படுத்துகிறது.

இதனினும் வஞ்சகமானது அடுத்த கட்டம். ஒரு நாளோ இரு நாளோ கழித்து வாந்தியும் போக்கும் தணிகின்றன. நோயாளி எழுந்து உட்கார்கிறார், கஞ்சி குடிக்கிறார், வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். மருத்துவமனையில் இருப்பவர் வீடு திரும்ப விரும்புவதும் இந்நிலையில்தான். ஆனால், இதே வேளையில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. குருதிச் சோதனை செய்தால் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். கல்லீரலிலிருந்து பித்தநீரோடு குடலுக்கு வரும் நஞ்சைக் குடல் மீண்டும் உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புவதால், ஒருமுறை உண்டது பலமுறை தாக்குகிறது. மூன்றாம் நாளுக்குமேல் கண்கள் மஞ்சளாகும், குருதி உறையாமல் கசியும், நினைவு தடுமாறும். அந்நிலையில் சிலருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்துவது ஒன்றே வழியாக எஞ்சுகிறது.

எவ்வளவு உண்டால் இந்நிலை வரும்? உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் அமானிட்டின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 5 மில்லிகிராம் ஆகிறது. ஓர் உப்புக்கல் அளவு. நன்கு வளர்ந்த மரணத் தொப்பி ஒன்றிலேயே இவ்வளவு நஞ்சு இருக்கக்கூடும். கூடை நிறைந்த நல்ல காளான்களுக்கு இடையே ஒன்று கலந்தாலும் போதும் என்பது இதன் பொருள்.

கொதிக்கவைத்தால் நஞ்சு முறியும் என்னும் நம்பிக்கைக்கும் இங்கே விடை உண்டு. அமானிட்டினின் வளைய அமைப்பு கொதிநீரின் வெப்பத்தில் சிதைவதில்லை. வெயிலில் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் மாறுவதில்லை. மஞ்சளும் புளியும் அதனைத் தீண்டுவதில்லை. நீரில் கரையும் இயல்புடையதாதலால் வேகவைத்த நீரில் ஒரு பகுதி இறங்கும். குழம்பாகச் சமைத்தாலோ அந்நீரும் உணவின் பகுதியாகிவிடும்.

சோதனைகள் ஏன் வாழ்கின்றன?

இத்தனை பிழையான சோதனைகள் தலைமுறை தலைமுறையாக நம்பப்படுவது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளியது. மழைக்குப்பின் ஒருவர் கண்ணில் படும் காளான்களுள் உயிரைக் கொல்பவை மிகச் சிலவே. ஒருவர் தம் வாழ்நாளில் நூறுமுறை காளான் பறித்து, நூறுமுறையும் வெள்ளிக்காசு போட்டுப் பார்த்து உண்டிருக்கலாம். நூறுமுறையும் நலமாக இருந்தது காளான் நல்லதாக இருந்ததனால், காசினால் அன்று. ஆனால், பெருமை காசுக்குச் சென்றுவிடுகிறது. சோதனை பொய்த்தபோது அதனை நம்பியவர் வந்து சான்று சொல்ல இயலாமல் போவதும் உண்டு.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. ‘நஞ்சு’ என்று ஒரே சொல்லால் குறித்தாலும் காளான்களில் இருப்பது ஒரே பொருள் அன்று. 1952-ஆம் ஆண்டு போலந்து நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர், அதுவரை தீங்கற்றது என்று கருதப்பட்ட செம்பழுப்புக் காளான் ஒன்றை உண்டு நோயுற்றனர். அதன் நஞ்சு தாக்கியது கல்லீரலை அன்று, சிறுநீரகத்தை. அறிகுறிகள் தோன்ற ஒரு வாரத்திற்கு மேலும் ஆனதால், நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் காண்பதே அரிதாயிற்று. நம் ஊர்ப் புல்வெளிகளில் வெண்குடையாக விரியும் பச்சைச்செவுள் காளான் உயிரை எளிதில் பறிப்பதில்லை. ஆனால் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியில் தள்ளும். வெவ்வேறு வேதியியல் அமைப்பும் வெவ்வேறு செயலும் உடைய இந்நஞ்சுகள் அனைத்திற்கும் பொதுவான நிறமோ மணமோ வினையோ இல்லை. பொதுப்பண்பு இல்லாதபோது அதனைக் காட்டும் பொதுச் சோதனையும் இருக்க இயலாது.

மரபறிவு முழுவதும் பயனற்றது என்று இதனைக் கொள்ளலாகாது. புற்றுக்காளான் பறிக்கும் முதியவர் ஒருவரைக் கூர்ந்து நோக்கினால் இது புலப்படும். அவர் குடையைக் கிள்ளுவதில்லை. தண்டின் அடியைத் தொடர்ந்து மண்ணைத் தோண்டுகிறார்; நீண்டு ஒடுங்கிய வேர்போன்ற பகுதி கறையான் புற்றின் உள்ளறை நோக்கி இறங்குகிறதா என்று பார்க்கிறார்; குடையின் நடுவே கூரிய முகடு உள்ளதா என்று தொட்டு அறிகிறார். கறையானோடு கூடிவாழும் அந்த ஓர் இனத்தை அவர் இனங்காண்கிறார். அது நஞ்சு உண்டா என்று பொதுவாகக் கேட்கும் சோதனை அன்று; ‘இது அதுவேயா’ என்று கேட்கும் அறிவு. அவ்வறிவு வலியது. ஆனால் அது அந்த நிலத்திற்கு உரியது. வேறு மண்ணில், வேறு மரத்தடியில், தம் ஊர்க் காளானைப் போன்ற வேறொன்று முளைத்திருக்கக்கூடும் என்பதை அது சொல்லித் தராது. கான்பெராவில் நேர்ந்தது இதுவே.

இந்தியாவிலும் இத்துயரம் புதிதன்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அசாம் மாநிலத்தின் மேற்பகுதியில் காட்டுக்காளான் உண்டு பதின்மூன்று பேர் இறந்தனர். அவர்களுள் ஒரு குழந்தையும் அடங்கும். தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்த குடும்பங்கள் அவை. காய்கறி வாங்கும் செலவின்றி மண் தரும் உணவாகக் காளான் அவர்கள் அடுப்பிற்கு வருகிறது. அத்தகைய வீட்டில் ஒரே சட்டியிலிருந்து அனைவரும் உண்பதால், தவறு நேர்ந்தால் குடும்பமே வீழ்கிறது.

காளான் உண்டபின் ஒருவருக்கு வாந்தி கண்டால், எத்தனை மணி நேரம் கழித்துக் கண்டது என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் வினா. ஆறு மணி நேரத்திற்குப் பிறகு எனில் கல்லீரல் நஞ்சாக இருக்கலாம் எனக் கொண்டே சிகிச்சை தொடங்குவர். இந்நஞ்சை முற்றிலும் முறிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நரம்புவழி நீர்மம் செலுத்துதல், பித்தத்தோடு குடலுக்கு வரும் நஞ்சைப் பற்றிக்கொள்ளச் செயலூட்டிய கரியை அடுத்தடுத்துக் கொடுத்தல், பால்முள்செடியிலிருந்து பெறப்படும் சிலிபினின் என்னும் மருந்து ஆகியவையே கையில் உள்ளவை. விரைந்து வந்தோருக்கே இவை மிகுதியும் துணைசெய்கின்றன. ஆகவே அறிகுறி இல்லாவிட்டாலும் உடன் உண்ட அனைவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். சமைக்காமல் எஞ்சிய காளான், அரிந்து எறிந்த தண்டின் அடிப்பகுதி, சட்டியில் மீந்த குழம்பு ஆகியவற்றைக் காகிதத்திலோ கலத்திலோ எடுத்துச் செல்வது இனத்தைக் கண்டறிய உதவும். எதுவும் எஞ்சவில்லை எனில், அது முளைத்திருந்த இடத்தையும் அருகிலிருந்த மரத்தையும் சொல்வதும் பயன்தரும்.

கான்பெராவில் ஓக் மரங்கள் நிற்கும் இடங்களில் இப்போது எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்படுகின்றன. மழை பெய்து மண் குளிர்ந்ததும் அம்மரங்களின் அடியில் வெண்முட்டைகள் மீண்டும் தலைகாட்டுகின்றன.